பாஸ்போர்ட் அளவுப் படம்: 48 கேபி ஆக்கிவிட்டேன், படிவம் இன்னும் ஏற்கவில்லை, முகமும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

மின்மினி | 12 ஆகஸ்ட் 2024, காலை 9:14

ஒரு ஆன்லைன் படிவத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஏற்ற வேண்டும். அதில் போட்டிருப்பது: ஜேபெக் மட்டும், அகலம் 413 பிக்சல், உயரம் 531 பிக்சல், கோப்பு 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபிக்கு மேல் போகக் கூடாது.

என்னிடம் இருப்பது போனில் எடுத்த படம். 3000 × 4000 பிக்சல், 3.4 எம்பி. ஒரு கம்ப்ரஸ் ஆப்பில் 48 கேபி என்று இலக்கு கொடுத்தேன், கொடுத்தபடி வந்தது. ஆனால் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரிகிறது, முடி ஓரமெல்லாம் சாம்பல் புள்ளி. சரி, போகட்டும் என்று ஏற்றினால் "படத்தின் அளவு தவறு" என்று திருப்பி அனுப்புகிறது. 48 என்பது 50க்குள்தானே?

எளிய வழி | 12 ஆகஸ்ட், காலை 9:40

டிபிஐ-யை மாத்துங்க. போன் படம் 300 டிபிஐ இருக்கும், அதை 72 ஆக்கினா சைஸ் தானா இறங்கிடும். நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன், ஒரு தடவைகூட பிரச்சனை வந்ததில்ல.

பழைய கேமரா | 12 ஆகஸ்ட், காலை 10:22

மின்மினி, படிவம் "அளவு" என்று சொல்வது கேபியை அல்ல, பிக்சலை. உங்கள் ஆப் தந்த கோப்பைத் திறந்து அகலம், உயரம் எவ்வளவு என்று பாருங்கள். 413 × 531 ஆக இருக்காது.

எளிய வழி சொல்வதில் பாதி சரி. டிபிஐ என்பது கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கும் ஓர் எண். அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வைக்கலாம் என்று பிரிண்டருக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். அதை 300இலிருந்து 72 ஆக்கினாலும் 3000 பிக்சல் 3000 பிக்சலாகத்தான் இருக்கும். அவருக்குச் சைஸ் இறங்குவதற்குக் காரணம் வேறு. பல மென்பொருள்களில் டிபிஐ பெட்டிக்குப் பக்கத்தில் ரீசாம்பிள் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். டிபிஐ-யைக் குறைத்ததும் அது சென்டிமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிக்சலைக் குறைத்துவிடும். வேலையைச் செய்வது பிக்சல் குறைப்பு. டிக்கை எடுத்துவிட்டு ஒரு முறை செய்து பார்த்தால் கோப்பு துளியும் இறங்காது.

மின்மினி | 12 ஆகஸ்ட், காலை 10:35

பார்த்துவிட்டேன். 1200 × 1600 என்று காட்டுகிறது. நான் பிக்சலைத் தொடவே இல்லை, ஆப்பே குறைத்திருக்கிறது.

பழைய கேமரா | 12 ஆகஸ்ட், காலை 11:50

முகம் ஏன் கட்டம் கட்டமானது என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஜேபெக் ஒரு படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. 1200 × 1600 படத்தில் அப்படி 30,000 கட்டங்கள். 48 கேபியை அத்தனைக்கும் பங்கு போட்டால் ஒரு கட்டத்துக்கு ஒன்றரை பைட்டுக்குச் சற்று மேல், அதாவது 13 பிட் கிடைக்கும். நிறமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். 64 பிக்சலை 13 பிட்டில் சொல்லச் சொன்னால் அது என்ன செய்யும்? கட்டத்தின் சராசரி வெளிச்சத்தை எழுதும், உள்ளே இருக்கும் நுணுக்கத்தை ஏறக்குறைய எல்லாம் தூக்கிப் போடும். பக்கத்துக் கட்டத்தின் சராசரி வேறாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரிகிறது. கன்னம் போன்ற மெதுவாக நிறம் மாறும் இடத்தில்தான் கோடு முதலில் கண்ணில் படும்.

இப்போது அதே 48 கேபியை 413 × 531க்குக் கொடுங்கள். குறுக்கே 52 கட்டம், நெடுக்கே 67 கட்டம், மொத்தம் 3,484. ஒரு கட்டத்துக்கு 14 பைட் வரும். முன்பு கிடைத்ததைப் போல எட்டு மடங்குக்கும் மேல். கன்னம் வழவழப்பாக வரும், புருவம் முடி முடியாகத் தெரியும். அதே கேபி, அதே முகம்.

ஆகவே முதலில் வெட்டுங்கள், பிறகு பிக்சலைக் குறையுங்கள், தரத்தைக் கடைசியில் தொடுங்கள். ஆப்பில் நேராக "48 கேபி" என்று கேட்டால் அது தன் விருப்பப்படி எதையாவது குறைக்கும். எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஆப் தந்த 48 கேபி கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். அதில் தொலைந்தது தொலைந்ததுதான். 3.4 எம்பி மூலப்படத்துக்கே திரும்பிப் போங்கள்.

தாழ்வாரம் | 12 ஆகஸ்ட், மதியம் 1:05

பாஸ்போர்ட் படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும். பளபளப்பான தாளில் பிரிண்ட் போட்டு, ஓரத்தில் வெள்ளை விடாமல் வெட்டினால் போதும். நான் ஒரே தாளில் எட்டுப் படம் அடுக்கி எடுப்பேன். ஸ்கேல் வைத்து வெட்டுங்கள், கத்தரிக்கோல் கோணலாகப் போகும்.

மின்மினி | 12 ஆகஸ்ட், மதியம் 1:20

தாழ்வாரம் ஐயா, இது பிரிண்டுக்கு இல்லை, நேராக அப்லோட்.

பழைய கேமரா | 12 ஆகஸ்ட், மதியம் 2:02

ஆனாலும் அவர் சொன்ன அளவுக்கும் உங்கள் படிவத்துக்கும் உறவு இருக்கிறது. 35 × 45 மில்லிமீட்டரை 300 டிபிஐ-யில் கணக்குப் போட்டால் 413 × 531 வரும். உங்கள் படிவத்தின் எண் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். படிவம் எண்ணுவது பிக்சலை மட்டும்.

மின்மினி | 12 ஆகஸ்ட், மாலை 6:47

மூலப்படத்தைத் திறந்து, அகலம் 413, உயரம் 531 என்று இரண்டையும் நேரடியாகப் போட்டுவிட்டேன். பிக்சல் சரி, கட்டம் கட்டமாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு குறை. ஒன்று, தோள், சுவர், கதவு எல்லாம் உள்ளே வந்து முகம் சின்னதாகிவிட்டது. இரண்டு, என் முகம் கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது. வீட்டில் காட்டினால் "நீதான், ஆனா எங்கேயோ இடிக்குது" என்கிறார்கள்.

பழைய கேமரா | 12 ஆகஸ்ட், இரவு 8:30

வீட்டில் இருப்பவர்களின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. போன் படத்தின் விகிதம் 3:4. படிவம் கேட்பது 7:9. 413ஐ 59ஆல் வகுத்தால் 7, 531ஐ 59ஆல் வகுத்தால் 9, மிச்சமே இல்லாமல் வரும். 3:4ஐ இழுத்து 7:9க்குள் திணித்தால் முகம் அகலவாக்கில் ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். 4 சதவீதம் என்றால் எண்ணாகச் சின்னதுதான், ஆனால் தெரிந்த முகத்தில் அது பட்டென்று உறுத்தும். முகத்தை இயந்திரம் ஒப்பிடும் இடங்களில் இப்படி இழுத்த படத்தைக் கொடுப்பது வீண் வம்பு.

எனவே வெட்டும்போதே 7:9 பூட்டிவிட்டு வெட்டுங்கள். கிராப் கருவியில் விகிதம் தட்டும் பெட்டி இருக்கும். உங்கள் 3000 × 4000 படத்தில் 1400 × 1800 வெட்டு எடுத்தால் சரியாக 7:9. இத்தகைய படங்களுக்கான விதிகள் பலவற்றில், தாடையிலிருந்து தலை உச்சி வரை படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்கள் படிவத்தின் குறிப்புகளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். 75 சதவீதம் என்று வைத்தால், 1800 உயர வெட்டில் தலை 1350 பிக்சல் வரும். உங்கள் தலை அதைவிடச் சிறியதாக இருந்தால் வெட்டையும் சிறிதாக்குங்கள், 1050 × 1350 ஆக இருந்தாலும் பரவாயில்லை. 413க்குக் கீழே இறங்காத வரை கவலை இல்லை. அதற்கும் கீழே போனால் இல்லாத நுணுக்கத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டி வரும். அப்போது படத்தை மறுபடி எடுப்பதே நல்லது.

அந்த 1400 × 1800 வெட்டைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அடுத்த படிவம் வேறு பிக்சல் கேட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

எளிய வழி | 12 ஆகஸ்ட், இரவு 9:11

கேமரா சார், டிக் எடுத்துட்டு பண்ணிப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே சைஸ் அப்படியே நின்னுச்சு. ஆனா சில படிவத்துல "200 டிபிஐ" னு தனியா கேக்குறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

பழைய கேமரா | 12 ஆகஸ்ட், இரவு 9:25

பிக்சலும் சொல்லி டிபிஐ-யும் சொன்னால், பிக்சலைச் சரியாக வைத்துவிட்டு ரீசாம்பிள் டிக் இல்லாமல் டிபிஐ-யை 200 என்று எழுதிவிடுங்கள். கேட்டதைக் கொடுத்தாகிவிடும், படத்துக்கும் ஒன்றும் ஆகாது.

மின்மினி | 13 ஆகஸ்ட், காலை 7:55

7:9 வெட்டு, பிறகு 413 × 531. முகம் முகமாக இருக்கிறது, வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது கேபிதான் தகராறு. தரம் 85இல் 59 கேபி. 70க்கு இறக்கினேன், 47 வந்தது. கொஞ்சம் இடம் விட்டு வைப்போம் என்று 50 வரை இறக்கிப் பார்த்தால் 41 தான். 50இல் முடி ஓரத்தில் மறுபடி புள்ளி தெரிகிறது. 3,484 கட்டத்துக்கு இது தாராளம் என்று சொன்னீர்களே?

பழைய கேமரா | 13 ஆகஸ்ட், காலை 9:30

உங்கள் மூன்று எண்களையும் வரிசையாகப் பாருங்கள். 85இலிருந்து 70க்கு வந்தபோது 12 கேபி போனது. 70இலிருந்து 50க்கு 6 தான் போனது. தரத்தை இவ்வளவு இறக்கியும் 41இல் நிற்கிறது என்றால் அடியில் தரத்துக்குக் கட்டுப்படாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது படம் இல்லை, படத்தோடு சேர்ந்து வரும் சுமை.

போன் படத்துக்குள் எக்ஸிஃப் என்று ஒரு பகுதி உண்டு. எந்தக் கேமரா, எந்த நேரம், இருப்பிடம் அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகூட அதில் இருக்கும். அதற்குள் ஒரு குட்டி முன்னோட்டப் படமும் இருக்கும், அதுவும் ஒரு ஜேபெக். இது போக நிற விவரக் கோப்பு ஒன்று, எடிட்டர் தன் பங்குக்கு எழுதிய குறிப்புகள். பெரிய படத்தில் இவை கண்ணுக்கே தெரியாது, 3.4 எம்பியில் 25 கேபி யார் கவனிப்பார்கள்? 50 கேபி வரம்பில் அது பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கிம்ப் வைத்திருந்தால், ஜேபெக் ஏற்றுமதி செய்யும் பெட்டியில் `Save Exif data`, `Save XMP data`, `Save thumbnail` ஆகிய மூன்று டிக்கையும் எடுங்கள். `Show preview in image window` டிக்கைப் போட்டால் தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு அங்கேயே தெரியும்.

முக்கியமாக ஒன்று: படத்தைத் திறக்கும்போது "திருப்பட்டுமா" என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். காரணம் பிறகு எழுதுகிறேன், வேலை இருக்கிறது.

இரட்டைக்கோடு | 13 ஆகஸ்ட், காலை 11:18

அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன். படிவங்களின் பின்பக்கம் எழுதுவது என் வேலை, இந்தப் புகாரை அடிக்கடி பார்க்கிறேன்.

போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல போன்களில் சென்சார் படத்தைப் படுக்கைவாட்டில்தான் எழுதுகிறது. கூடவே எக்ஸிஃபில் "காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு வைக்கிறது. பார்க்கும் செயலி அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டுகிறது. சர்வரில் அளவைச் சரிபார்க்கும் நிரல் பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் எடுக்கும். உங்கள் திரையில் 413 × 531 என்று நிமிர்ந்து நிற்கும் படம், சர்வருக்கு 531 × 413. அது அளவு தவறு என்கிறது, நீங்கள் சரி என்கிறீர்கள். இரண்டும் உண்மை.

கட்டளை வரி தெரிந்தவர்கள் இமேஜ்மேஜிக்கில் இப்படிப் பார்க்கலாம்:

```
magick identify -format "%w x %h  %[EXIF:Orientation]\n" photo.jpg
```

கடைசியில் 1 வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ நல்லது. 6 அல்லது 8 வந்தால் படம் உள்ளே படுத்திருக்கிறது.

ஓலைத்தடுப்பு | 13 ஆகஸ்ட், மதியம் 12:40

ஓ, இதுதானா! எக்ஸிஃபை நீக்கும் ஒரு ஆப்பில் போட்டேன், உடனே படம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஆப்தான் கெடுத்தது என்று நினைத்து அதை அழித்துவிட்டேன்.

இரட்டைக்கோடு | 13 ஆகஸ்ட், மதியம் 12:52

ஆப் குறிப்பை மட்டும் நீக்கியது. அதனால் படம் உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே வெளியே தெரிந்தது. முதலில் பிக்சலையே நிமிர்த்த வேண்டும், அதன் பிறகு குறிப்பை நீக்க வேண்டும்.

மின்மினி | 13 ஆகஸ்ட், மாலை 5:30

மூன்று டிக்கையும் எடுத்தேன். அதே படம், தரம் 85இல் 34 கேபி! 88 வைத்தால் 36. பார்ப்பதற்கு மூலப்படம் போலவே இருக்கிறது. திறக்கும்போது திருப்பட்டுமா என்று கேட்டது, ஆம் என்றேன்.

ஒரு சந்தேகம். ப்ராப்பர்ட்டீஸில் `Size` என்ற இடத்தில் 36 சொச்சம், `Size on disk` என்ற இடத்தில் 40 என்று போட்டிருக்கிறது. படிவம் எதைப் பார்க்கும்?

இரட்டைக்கோடு | 13 ஆகஸ்ட், மாலை 5:41

முதலாவதை. வட்டு இடத்தை 4 கேபி துண்டுகளாக ஒதுக்குவதால் இரண்டாவது எண் மேலே போகிறது. கோப்போடு அது பயணம் செய்யாது.

விண்டோஸ் 1 கேபிக்கு 1024 பைட் கணக்கு வைக்கும், மேக் 1000. 50 என்பது எந்தக் கணக்கு என்று படிவம் எழுதியவருக்கே வெளிச்சம். விண்டோஸில் 48க்குள் வைத்தால் இரண்டு கணக்கிலும் தப்பிக்கலாம்.

பழைய கேமரா | 13 ஆகஸ்ட், இரவு 9:48

36இல் இருக்கிறீர்கள் அல்லவா, அங்கேயே நில்லுங்கள். 20க்கும் 50க்கும் நடுவில் இருப்பதுதான் பாதுகாப்பு. 49.8க்கு இழுத்துப் போவதில் கண்ணுக்குத் தெரியும் லாபம் இல்லை.

முன்பு எழுதியதை மறுபடி யோசித்துப் பார்த்தேன். "413 × 531க்கு 48 கேபி தாராளம்" என்பது நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். மங்கலான அறையில் எடுத்த படத்தில் பொடிப் பொடியாக மணல் தூவியது போல இரைச்சல் இருக்கும். ஜேபெக்குக்கு அது இரைச்சல் என்று தெரியாது, அதையும் நுணுக்கம் என்று எண்ணிப் பைட்டைக் கொட்டும். வெறும் சுவர்கூட இரைச்சல் இருந்தால் முகத்துக்குச் சமமாக இடம் கேட்கும். ஸ்டுடியோவில் இருந்த காலத்தில், ஒரே ஆளின் இரண்டு படங்களை ஒரே தரத்தில் சேமித்தால் விளக்கு சரியாக விழுந்த படம் எப்போதும் இலேசாக இருக்கும். பின்னணியில் இருந்த துணி கசங்கியிருந்தால் உடனே கோப்பு கனக்கும். அதனால் கேபி இறங்க மறுத்தால் ஸ்லைடரை விட்டுவிட்டு ஜன்னலுக்கு எதிரே நின்று மறுபடி எடுத்துப் பாருங்கள். பின்னால் நிழல் விழாதபடி சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி நிற்க வேண்டும்.

சின்னதாக்கிய பிறகு கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பன் கருவியையும் அளவோடு பயன்படுத்துங்கள். கொஞ்சம் போட்டால் கண் தெளிவாகும், அதிகம் போட்டால் கேபி ஏறும், தோலும் முரடாகத் தெரியும்.

தாழ்வாரம் | 14 ஆகஸ்ட், காலை 8:15

பிரிண்ட் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன், இருக்கட்டும். எனக்கும் இப்போது ஒரு அப்லோட் சிக்கல். என் படிவம் 200 × 230 பிக்சல் கேட்கிறது, 20 கேபிக்குக் குறையக் கூடாதாம். நீங்கள் எல்லோரும் இறக்கப் போராடுகிறீர்கள், எனக்கு 9 கேபிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.

பழைய கேமரா | 14 ஆகஸ்ட், காலை 9:02

இதுவும் அதே கணக்கு, எதிர்த்திசையில். 200 × 230 என்றால் மொத்தம் 46,000 பிக்சல்தான், வழக்கமான தரத்தில் 9 கேபி நியாயமானது. தரத்தை 95க்கு மேல் ஏற்றுங்கள், கூடவே நிறக் குறைப்பை நிறுத்துங்கள். ஜேபெக் வழக்கமாக நிறத்தைப் பாதி அகலம் பாதி உயரத்தில்தான் சேமிக்கும், கண்ணுக்கு அது தெரியாது என்பதால். கிம்பில் ஏற்றுமதிப் பெட்டியில் `Subsampling` என்ற இடத்தில் `4:4:4` தேர்ந்தெடுத்தால் நிறம் முழுசாகச் சேமிக்கப்படும், கோப்பும் ஏறும்.

தாழ்வாரம் | 14 ஆகஸ்ட், காலை 10:20

95இல் 17. 98இல் 23 வந்துவிட்டது! ஏற்றுக்கொண்டது.

எளிய வழி | 14 ஆகஸ்ட், காலை 10:34

இதுக்கு இவ்ளோ எதுக்கு? கேமரா சார் சுமைன்னு சொன்னாரே, அந்த எக்ஸிஃபை நீக்காம அப்படியே விட்டா 9 கூட 20 ஆயிடுமே.

இரட்டைக்கோடு | 14 ஆகஸ்ட், காலை 10:50

எண் வரும். பல சர்வர்கள் வாங்கியவுடன் எக்ஸிஃபை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கும். நீக்கிய பிறகு அளவைப் பார்க்கும் இடத்தில் அது 9 தான். தரத்தை ஏற்றினால் அந்தப் பயம் இல்லை.

ஓலைத்தடுப்பு | 14 ஆகஸ்ட், மாலை 4:16

எனக்கு விடை கிடைக்காத ஒன்று. என் படிவமும் 50 கேபி வரம்புதான். என் கோப்பு 44 கேபி, எக்ஸிஃப் இல்லை, திருப்பல் குறிப்பு 1, பிக்சலும் சரி. ஆனாலும் "50 கேபிக்கு மேல் உள்ளது" என்கிறது. தரத்தை இறக்கி 36 ஆக்கினால் வாங்கிக்கொள்கிறது. 44 எப்படி 50ஐத் தாண்டும்?

இரட்டைக்கோடு | 14 ஆகஸ்ட், மாலை 4:45

ஒரு ஊகம் சொல்கிறேன். சில படிவங்கள் படத்தைக் கோப்பாக அனுப்பாமல், உலாவியிலேயே பேஸ்64 எழுத்துகளாக மாற்றி அனுப்பும். 3 பைட்டுக்கு 4 எழுத்து ஆகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். எழுதியவர் வீங்கிய நீளத்தை அளந்தால் 44 என்பது ஏறக்குறைய 59 ஆகும். 36 என்பது 48. நீங்கள் சொல்லும் இரண்டு எண்ணுக்கும் பொருந்துகிறது.

ஓலைத்தடுப்பு | 14 ஆகஸ்ட், மாலை 5:03

பொருந்துகிறதுதான். ஆனால் முதல் முறை பழைய கோப்பையே உலாவி பிடித்து வைத்திருந்தாலும் இதே செய்தி வருமே? நான் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தேன்.

இரட்டைக்கோடு | 14 ஆகஸ்ட், மாலை 5:10

அப்படியும் இருக்கலாம். 37க்கும் 38க்கும் ஒவ்வொரு கோப்பு வேறு வேறு பெயரில் செய்து ஏற்றிப் பாருங்கள். என் ஊகம் சரி என்றால் 37.5இல் எல்லை இருக்க வேண்டும்.

ஓலைத்தடுப்பு | 14 ஆகஸ்ட், மாலை 5:22

படிவம் ஒரு முறை சமர்ப்பித்தால் பூட்டிக்கொள்கிறது. இனிச் சோதிக்க வழியில்லை.

மின்மினி | 15 ஆகஸ்ட், காலை 8:40

ஏற்றுக்கொண்டது! தரம் 88, 36 கேபி, 413 × 531. முன்னோட்டத்தில் நிமிர்ந்து நிற்கிறது, முகமும் தெளிவு. பழைய கேமரா அண்ணாவுக்கும் இரட்டைக்கோடு சாருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் கவனித்தேன். போனில் பார்த்ததைவிட முகம் சற்று வெளிறித் தெரிகிறது. படிவம் ஏற்றுக்கொண்டதால் விட்டுவிட்டேன், ஆனால் தம்பிக்கும் படம் செய்ய வேண்டும்.

பழைய கேமரா | 15 ஆகஸ்ட், காலை 10:05

ஏற்றுமதிப் பெட்டியில் `Save color profile` டிக்கும் இல்லாமல் இருந்திருந்தால் நிற விவரக் கோப்பும் கூடவே போயிருக்கும். இப்போது பல போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் எழுதுகின்றன. அந்த விவரம் இல்லாவிட்டால் பார்க்கும் செயலி படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு நிறத்தை மங்கலாகக் காட்டும். தம்பி படத்துக்கு, திறந்ததும் முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். கிம்பில் `Image` பட்டியலில் `Color Management` கீழே அதற்கு வழி இருக்கிறது. மாற்றிய பிறகு விவரக் கோப்பு போனாலும் தோல் நிறம் கெடாது.

இரட்டைக்கோடு | 15 ஆகஸ்ட், காலை 10:30

வீட்டில் நிறையப் பேருக்குச் செய்ய வேண்டியிருந்தால், நிறத்தை மாற்றிச் சேமித்த பிறகு இது ஒன்று போதும். வெட்டும் இடத்தை மட்டும் படத்துக்குப் படம் மாற்ற வேண்டும்:

```
magick photo.jpg -auto-orient -crop 1400x1800+800+500 +repage -resize 413x531 -strip -quality 88 out.jpg
```

`-auto-orient` கண்டிப்பாக `-strip`க்கு முன்னால் வர வேண்டும். 800, 500 என்பவை வெட்டின் இடது மேல் மூலை, தலை இருக்கும் இடத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எளிய வழி | 15 ஆகஸ்ட், மதியம் 1:12

என் படம் `.heic` னு முடியுது. பேரை `.jpg` னு மாத்திப் போட்டா "தவறான கோப்பு வகை" ங்குது. பேரு சரியாத்தானே இருக்கு?

இரட்டைக்கோடு | 15 ஆகஸ்ட், மதியம் 1:20

சர்வர் பெயரைப் பார்க்கவில்லை, கோப்பின் முதல் சில பைட்டைப் பார்க்கிறது. ஜேபெக் என்றால் அது `FF D8 FF` என்று தொடங்கும். பெயர் மாற்றினால் உள்ளே மாறாது. ஒரு எடிட்டரில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஐபோன் என்றால் கேமரா அமைப்பில் `Formats` போய் `Most Compatible` வைத்துவிட்டால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காகவே எடுக்கும்.

எளிய வழி | 15 ஆகஸ்ட், மதியம் 1:58

ஏற்றுமதி பண்ணி, 7:9 வெட்டி, 413 × 531. 31 கேபி. போயிடுச்சு.